பயனிலை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு நான் ஒரு வாக்கியத்தை இழந்தேன். முழுவதும் இழந்தேன் என்று சொல்லுவதற்கில்லை. எழுவாய் வந்துவிட்டது, அதற்குரிய அடைமொழிகள் நான்கும் வந்து வரிசையாக நின்றுவிட்டன, இரண்டு வினையெச்சங்கள் தத்தம் காரியத்தை முடித்துக்கொண்டு ஒதுங்கியிருந்தன, செயப்படுபொருளும் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு தயாராயிருந்தது. பயனிலை ஒன்றுதான் பாக்கி, அதுவும் தெருமுனை திரும்பிவிட்டது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்த அந்தத் தருணத்தில், என் மேஜைமேல் குந்தியிருந்த சிவப்புத் தக்காளி வீடே அதிரும்படி அலறிற்று. பயனிலை மிரண்டு வந்த வழியே ஓடிவிட்டது. அது என்ன சொல், பின்னர் அகப்பட்டதா என்பதைக் கட்டுரையின் முடிவில் சொல்லுகிறேன்.

தக்காளி என்றதும் உங்களுக்குப் புரிந்திருக்கும். உங்கள் மேஜையிலும் ஒன்று இருக்கும், அல்லது கைப்பேசிக்குள் ஒளிந்திருக்கும். என்னுடையது பெங்களூரில் உத்தியோகம் பார்க்கும் என் தங்கை மகன் பிறந்தநாள் பரிசாகக் கொண்டுவந்தது. அவன் இப்போதெல்லாம் மணிக்கணக்கில் பேசுவதில்லை. "இன்னிக்கு ஒன்பது தக்காளி ஆச்சு மாமா" என்பான். முதன்முறை அவன் அப்படிச் சொன்னபோது பக்கத்தில் இருந்த என் மனைவி, அன்றைக்கு விற்ற விலையை எண்ணி, "ஒரு ஆளுக்கு எதுக்குப்பா ஒன்பது?" என்று கேட்டுவிட்டாள். என் பாட்டி திவசத்தன்று அடுக்களைக்குள்ளேயே விடாத வஸ்து அது. சீமையிலிருந்து வந்தது என்பதற்காக அதை வாசலோடு நிறுத்திவைத்திருந்தாள். அவள் பேரன் அதை மேஜைமேல் ஏற்றிவைத்து அதன் ஆக்ஞைக்கு எழுந்து உட்காருகிறான்.

இந்த வழக்கத்தை உண்டாக்கிய பிரான்செஸ்கோ சிரில்லோவின்மேல் எனக்குத் தனிப்பட்ட விரோதம் கிடையாது. 1980களின் பிற்பகுதியில் அவர் இத்தாலியில் கல்லூரி மாணவராயிருந்தார். படிப்பில் சித்தம் நிலைக்கவில்லை. பத்தே நிமிஷம் நான் உண்மையாகப் படிக்கிறேனா பார்ப்போம் என்று தம்மோடு தாமே பந்தயம் கட்டி, அடுப்பங்கரையிலிருந்த தக்காளி வடிவக் கடிகாரத்தைத் திருகிவைத்தார். பத்தில் தொடங்கிய அந்தச் சாது மனுஷர் பிறகு 25 நிமிஷ வேலை, 5 நிமிஷ ஓய்வு, நாலு சுற்றுக்கு ஒருமுறை 15 முதல் 30 நிமிஷம் வரை சிரமபரிகாரம் என்று சட்டம் வகுத்துவிட்டார். அதில் தலையாய விதி, ஒரு தக்காளியைப் பிளக்கக்கூடாது என்பது. பாதியில் எழுந்தால் அது கணக்கில் சேராது, முதலிலிருந்து திருகவேண்டும். வேலை முன்னதாக முடிந்துவிட்டாலும் மணி அடிக்கும்வரை உட்கார்ந்து செய்ததையே புரட்டிப் பார்க்கவேண்டும். நம் மனமே நம்மைக் கிளப்பினால் தாளில் மேலே ஒரு சுழி, பிறர் வந்து கிளப்பினால் ஒரு சிறு கோடு. என் தாளில் திங்கட்கிழமை மட்டும் பதினொரு கோடுகள் இருந்தன. அவற்றில் நான்கு, "நீங்க வேலையா இருக்கீங்கன்னு தெரியும், ஒண்ணே ஒண்ணு" என்று தொடங்கியவை.

விதி நல்ல விதிதான். ஆனால் அதை வகுத்தவர் வினைச்சொல்லை வாக்கியத்தின் நடுவிலேயே வைத்துவிடுகிற தேசத்தவர் என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அவர்களுக்கு எழுவாய், உடனே வினை. 'நான் கண்டேன்' என்று முதலிலேயே காரியத்தை முடித்துக்கொண்டு, பிறகு எதை, எங்கே, எந்த நிலாவில் என்பதையெல்லாம் சாவகாசமாகத் தொங்கவிடுவார்கள். எந்தத் தொங்கலில் மணி அடித்தாலும் கத்தரித்துக்கொண்டு எழுந்து போகலாம். ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிராலப் தபால் இலாகா உத்தியோகத்துக்குப் போகுமுன் தினந்தோறும் மூன்று மணி நேரம் எழுதினார்; கடியாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால்மணிக்கு 250 வார்த்தை வீதம் இறக்கினார் என்று அவரே சுயசரிதத்தில் எழுதியிருக்கிறார். எழுதமாட்டாரா? அவருடைய வினைகள் வாசலிலேயே நிற்கின்றன. நம்முடையதோ கோயில் தேர் மாதிரி. வடம், முட்டுக்கட்டை, குடை, கொம்பு, நாதசுரம், அடைமொழி, எச்சம், வேற்றுமையுருபு எல்லாம் நாலு வீதியும் சுற்றி வந்த பிறகே தேர் நிலைக்கு வரும். தேரடிக்கு ஐந்தடி முன்னால் ஒருவன் வந்து, 25 நிமிஷம் ஆயிற்று, எல்லோரும் வடத்தைப் போட்டுவிட்டுப் போய் மோர் குடித்து வாருங்கள் என்றால், திரும்பி வரும்போது தேர் அங்கேதான் இருக்கும், இழுக்கிற வேகம் இருக்குமா? நான் வேண்டுமென்றே நீட்டி எழுதுவதாக ஒரு பத்திராதிபர் முன்பு என்னைப்பற்றிச் சொல்லியிருக்கிறார். அவர் பத்திரிகை நின்றுபோய்ப் பல வருஷங்களாயின; அதற்கும் என் வாக்கியங்களுக்கும் சம்பந்தமில்லை. எழுவாய்க்கும் பயனிலைக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்கலாம் என்பதற்குத் தொல்காப்பியரே வரம்பு கட்டவில்லை என்பதை மட்டும் இங்கே நினைவூட்டிவிட்டு, நிற்க, எங்கே விட்டேன்?

ஆம், வேகம். முடியாத வேலையை விட்டு வேறொன்றுக்குப் போகும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய இடத்திலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் என்னும் ஆராய்ச்சியாளர் 2009இல் எழுதினார். பின்னர் அதற்குப் பரிகாரமும் சொன்னார்: எழுந்திருக்குமுன், எங்கே நிற்கிறோம், திரும்பி வந்தால் அடுத்து என்ன செய்யவேண்டும் என்று சுருக்கமாக எழுதிவைத்துவிட்டால் மனம் விட்டுக்கொடுத்துவிடும். நானும் அன்று அவ்வாறே செய்தேன். அந்தச் சீட்டு இதோ இருக்கிறது. அதில் "வினைச்சொல்: நன்றாயிருந்தது" என்று என் கையெழுத்தில் எழுதியிருக்கிறது.

கோபம் தணிந்த பிறகு யோசித்துப் பார்த்ததில், குற்றம் மணியின்மேல் இல்லை, 25 என்ற எண்ணின்மேல் என்று எனக்குத் தோன்றிற்று. நான் வயிற்றுப்பாட்டுக்காக மெய்ப்புத் திருத்துகிறவன். ஆசைக்காகக் கட்டுரை எழுதுகிறவன். இரண்டும் ஒரே நாற்காலியில் நடப்பதால் ஒரே அளவு போதும் என்று எண்ணியதுதான் மடமை.

மெய்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாவலின் மெய்ப்பை மூன்று சுற்று, ஒவ்வொன்றும் 25 நிமிஷமாகப் பார்த்தேன். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். மறுநாள் காலை புதுக் கண்ணோடு அதே பக்கங்களை மறுபடியும் பார்த்ததில் நான் தவறவிட்ட பிழைகள் பதினான்கு. ஒற்று விட்டுப்போனவை, 'அறை' என்றிருக்கவேண்டிய இடத்தில் 'அரை', கொம்பும் காலும் இடம் மாறியவை. பதினான்கில் பதினொன்று ஒவ்வொரு சுற்றிலும் நாலாவது கோட்டுக்கு அப்பால் கிடந்தன. காரணம் எளிது. முதலில் கண் எழுத்தைப் பார்க்கிறது. களைத்ததும் சொல்லின் உருவத்தைப் பார்த்துத் திருப்தியடைந்துவிடுகிறது. இருக்கவேண்டிய எழுத்தை மனமே போட்டு நிரப்பிக்கொள்கிறது. அந்த நிலை வந்ததை அறிய ஓர் அடையாளம் உண்டு: கதை சுவாரசியமாகத் தோன்ற ஆரம்பித்தால் மெய்ப்புப் பார்ப்பது நின்றுவிட்டது என்று அர்த்தம். ஆகவே மெய்ப்புக்கு 18 நிமிஷம் என்று குறைத்தேன். ஓய்வு 5 நிமிஷம், அதுவும் ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டு வேப்பமரத்தைப் பார்ப்பதற்கு. கைப்பேசியைப் பார்ப்பது ஓய்வன்று. அதிலும் எழுத்துக்களே இருக்கின்றன, பிழைகளோடு.

கட்டுரைக்கு இது நேர்மாறு. நேற்று எழுதியதைப் படித்து, அதில் இரண்டு சொல்லை அடித்து, அவற்றையே மறுபடியும் எழுதி, பேனா நிப்பைத் துடைப்பதற்குள் 15 நிமிஷம் போய்விடுகிறது. இருபதாவது நிமிஷத்தில் ஒரு வாக்கியம் வரும். இருபத்தைந்தில் தக்காளி வரும். செவ்வாய்க்கிழமைச் சம்பவம் விபத்தல்ல, கணக்கு. இப்போது கட்டுரைக்கு 50 நிமிஷமும் 10 நிமிஷ ஓய்வும் வைத்திருக்கிறேன். 90 வைத்தும் பார்த்தேன். ஒரு மணியைத் தாண்டியதும் வாக்கியங்கள் அர்த்தமில்லாமல் நீளுகின்றன. (அதை நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று என் மனைவி கேட்டாள்.) ஒரே பக்கத்தில் 'அதாவது' மூன்று முறை வந்தால் எழுந்துவிடவேண்டும் என்பது நான் கண்ட அளவுகோல்.

கடிதங்களுக்குப் பதில் எழுதுவது, மின்கட்டணம் கட்டுவது முதலிய சில்லறைகளை ஒரே 25 நிமிஷத்தில் மொத்தமாகப் போட்டு அரைத்துவிடலாம். அதற்கு மட்டும் சிரில்லோவின் எண் கச்சிதமாயிருக்கிறது. வருமான வரிப் படிவத்துக்கோ பத்தே நிமிஷம். அதற்குமேல் வைத்தால் உட்காரவே மாட்டேன் என்பதால் பத்து. இதிலும் ஒரு விக்னம்: விசை முறுக்கும் கடிகாரங்களைச் சிறிது நேரத்துக்கு வைக்கும்போது முதலில் கூடுதலாகத் திருகிப் பிறகு பின்னுக்குக் கொண்டுவரவேண்டும், இல்லாவிட்டால் விசை போதாமல் மணி அடிக்காது. இது தெரியாமல் முதல் வாரம் பத்து நிமிஷத்துக்கு வைத்துவிட்டு, அடிக்கும் அடிக்கும் என்று ஒரு மணி நேரம் வரிப் படிவத்தோடு உட்கார்ந்திருந்தேன். என் வாழ்நாளில் அப்படிப்பட்ட ஏகாக்கிரதை எனக்குச் சித்தித்ததில்லை. மருமகப்பிள்ளையிடம் சொன்னேன், "பெட்டியிலேயே போட்டிருக்குமே மாமா" என்றான். போட்டிருந்தது. எறும்புக்கால் எழுத்தில், நாலு பாஷைகளில், தமிழ் நீங்கலாக.

நேற்று இரவு அவன் மறுபடியும் கூப்பிட்டான். எத்தனை தக்காளி என்றான். பதினெட்டு நிமிஷத்தில் மூன்றும் ஐம்பதில் ஒன்றும் என்றேன். "அப்படி ஆளுக்கு ஒரு அளவு வச்சுக்கிட்டா எப்படி மாமா கூட்டிக் கணக்குப் போடறது?" என்று வருந்தினான். பிறகு பெருந்தன்மையாக, செவ்வாய்க்கிழமை வாக்கியம் என்னவாயிற்று என்று விசாரித்தான். அப்படியே நிற்கிறது, பயனிலை வரவில்லை என்றேன்.

"அவ்வளவு நீளமா ஏன் எழுதறீங்க? ரெண்டா உடைச்சுடுங்களேன்" என்றான்.

தக்காளியைப் பிளக்கக்கூடாதாம், வாக்கியத்தை உடைக்கலாமாம். நான் போனை வைத்துவிட்டேன்.