ராஜபார்ட் இன்னும் பஸ்ஸில் வருகிறார்

சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய பாய்ஸ் கம்பெனியில், பாடம் நெட்டுருவாகாமல் எந்தப் பையனும் மேடையேற முடியாது. அவருடைய 'வள்ளி திருமணம்' ஸ்பெஷல் நாடகமாகிக் கம்பம் பள்ளத்தாக்கின் கோயில் திருவிழாக்களுக்கு வந்தபோது ஒத்திகை என்ற சமாச்சாரமே காணாமல் போயிருந்தது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்த்ரீபார்ட் இன்னொரு ஊர், பபூன் வேறொரு ஊர். முருகனும் வள்ளியும் முதன்முதலாகப் பார்த்துக்கொள்வதே தினைப்புனத்தில்தான். கதைப்படியும் அதுதானே நியாயம்!

ராத்திரி பத்து மணிக்கு நாடகம். ராஜபார்ட் இன்னும் பஸ்ஸில். மன்னிப்புக் கேட்க யாரும் மைக் பிடிப்பதில்லை. பபூன் வந்துவிடுவார். அவருக்கு ஒதுக்கிய நேரத்துக்கு ரப்பர் குணம் உண்டு. ஊர்ப் பெரியவர்களைக் கிண்டலடித்து, டான்ஸ்காரப் பெண்ணிடம் வம்பிழுத்து, தேவைப்பட்டால் விடியும்வரை இழுப்பார். ஆள் வந்த சேதி எட்டியதும் பெட்டிக்காரர் ஆர்மோனியத்தில் சுருதியைத் தூக்குவார். பபூன் பாதி ஜோக்கில் கழன்றுகொள்வார். ராஜபார்ட் படுதாவுக்குப் பின்னாலிருந்தே பாடத் தொடங்குவார். வேட்டி கட்டி முடிக்க அந்தப் பாட்டு போதும். முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது பக்தி ரசம்.

அறிமுகத்தில் பிழை வந்தாலோ கொண்டாட்டம்தான். நாரதர் வாய்தவறி வள்ளியை 'வேடன் பெற்ற மகளே' என்று விட்டால், அவள் விடமாட்டாள். பெற்றது மான், எடுத்து வளர்த்தவர்தான் நம்பிராஜன், முனிவருக்கு இதுகூடத் தெரியாதா என்று தர்க்கத்தில் மடக்குவாள். நாரதர் தோற்றாலும் கால் மணி நேரம் ஓடிவிடும். உண்மையில் இந்தக் கதையின் தலைவனே பொய் அறிமுகத்தோடு வருகிறவன்: முதலில் வேடன், பிறகு வேங்கை மரம், கடைசியில் தொண்டு கிழவன். முன்னறிவிப்பின்றி மேடைக்கு யானை அனுப்புவது அண்ணன் பிள்ளையார்.

மைக்குக்கு வருவோம். 1958-இல் பள்ளத்தாக்கின் தலைமாட்டில், லோயர் கேம்பில், பெரியாற்றுத் தண்ணீர் மின்சாரமாகத் தொடங்கியது. அதற்காக மைக் சாகாமல் இருந்துவிடுமா? செத்தால் பழைய தலைமுறைக்குக் கவலையில்லை. மைக் இல்லாத காலத்தில் ஐந்து கட்டை சுருதியில் கடைசி வரிசைக்குக் கேட்கப் பாடிப் பழகிய தொண்டைகள் அவை. ஆர்மோனியத்துக்குக் கரண்ட் தேவையில்லை, காலால் மிதித்தால் போதும். மாட்டிக்கொண்டவர்கள் மைக் வந்தபின் பாட வந்தவர்கள். அவர்களுக்காகப் பெட்டிக்காரரே பின்பாட்டை உரக்க எடுப்பார். நடிகர் வாயசைத்து மானத்தைக் காப்பாற்றிக்கொள்வார்.

பெட்டிக்காரரே வராவிட்டால்? அங்கேதான் கதை முடிந்தது. சுருதி இல்லை, சைகை இல்லை, பபூனை உள்ளே கூப்பிட ஆளில்லை. நோட்டீஸில் கிரீடத்தோடு பெரிய படம் ராஜபார்ட்டுக்கு. பெட்டிக்காரர் பெயர் அடியில் பொடி எழுத்தில். ஊர்க்காரர்களுக்குச் சாமர்த்தியம் இருந்தால் முதல் அட்வான்ஸை அவர் கையில் திணித்திருப்பார்கள்.