விற்கப்போகும் வீட்டுக்கு ஒரு ஒப்பனை

வீட்டை விற்கத் தீர்மானித்தவுடன்தான் நம்மவர்களுக்கு அதன்மீது பாசம் பொங்குகிறது. பத்து வருஷம் சொட்டிய குழாயை விட்டுவிட்டு, நேரே மாடுலர் கிச்சனுக்குப் போவார்கள். வாங்குபவர் முதல் வாரமே அதைப் பெயர்த்தெறிந்து தனக்குப் பிடித்த நிறத்தில் போட்டுக்கொள்வார். குளியலறை டைல்ஸுக்கும் அதே கதிதான். குழாய்க்கு வாஷர், கதவுக்குத் தாழ்ப்பாள், ஆடும் சுவிட்ச் போர்டுக்கு இரண்டு திருகு: வீடு பார்க்க வருபவரின் கை படுகிற இடங்கள் இவை. செலவும் சொற்பம். அதனால்தானோ என்னவோ, யாரும் செய்வதில்லை.

உச்சம், கூரையின் ஈரத்திட்டு. பட்டி பார்த்து, அந்த இடத்துக்கு மட்டும் வெள்ளையடிப்பார்கள். பழுப்பேறிய கூரையில் பளீரென்று ஒரு சதுரம், 'இங்கேதான் ஒழுகுகிறது' என்ற அறிவிப்புப் பலகை மாதிரி. வாங்குபவரோடு வரும் சித்தப்பா நேரே அதன் கீழேதான் போய் நிற்பார். உள்ளே ஈரமிருந்தால் சீக்கிரமே உப்புப் பூத்து பெயிண்ட் உரியும்.

திட்டு மழையில் மட்டும் நனைந்தால் மொட்டைமாடியைப் பாருங்கள். கோடையிலும் காயாவிட்டால் பெரும்பாலும் மேல்வீட்டுக் குளியலறை. கசிவை அடைக்க முடியாதென்றால், திட்டை அப்படியே விட்டு, விலையில் குறைத்துக்கொள்வது மலிவு. தெரிந்த, சாதாரணமாகக் கண்ணில் படாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம். பட்டி பூசினால் போதும் என்று அதில் எங்கும் இல்லை.