ஒரே சேதி, மூன்று எழுத்து

1990களில் நெமிலியில் அப்பா தையல் யூனிட் தொடங்கியபோது, ஆம்பூர் கம்பெனிகளுக்கு லெட்டர்ஹெட்டில் டைப் அடித்த கடிதம் போனது. சொந்தக்காரர்களுக்கு மஞ்சள் தடவிய பத்திரிகையை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஆள் சேர்க்க ஆட்டோவில் மைக் கட்டினோம்.

இப்போது தங்கை ஷூ அப்பர் தைக்கும் யூனிட் தொடங்கியிருக்கிறாள். "ஒண்ணு எழுதுண்ணா, மூணு இடத்துலயும் போட்டுடலாம்" என்றாள். நான் மூன்றாகவே எழுதினேன்.

லிங்க்ட்இனில் படிப்பவர் ஆர்டர் கொடுக்கும் ஆள். முதல் சில வரிகள்தான் கண்ணில் படும். மீதியைத் தட்டினால்தான் விரியும். அதனால் 'பெருமகிழ்ச்சியுடன் அறிவிக்கிறோம்' என்பதை எடுத்துவிட்டு, "ராணிப்பேட்டை மாவட்டம் நெமிலி. ஆண்கள் லெதர் ஷூ அப்பர், ஜாப் ஒர்க். நாளுக்கு 200 ஜோடி. கட்டிங் செய்வதில்லை" என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன். செய்யாததையும் சொல்லிவிட்டால் வீண் விசாரிப்பு வராது. படம், ரிப்பன் வெட்டுவது அல்ல. தையல் இடைவெளி சீராகத் தெரியும் ஒரு குளோசப்.

குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கு 200 ஜோடி எதற்கு? பூஜை நேரம், சாப்பாடு, அரக்கோணத்திலிருந்து வரும் வழி, அம்மா அப்பா பெயரில் அழைப்பு, இவ்வளவு போதும். ஆனால் குரூப்பில் போடுமுன் பெரியவர்களுக்கு ஃபோன் போயிருக்க வேண்டும். "எல்லாருக்கும் போட்டதுல எனக்கும் ஒண்ணா?" என்று அத்தை கேட்டுவிட்டால் எந்தப் பத்திரிகையாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

ரீல்ஸ், வேலை தேடும் பெண்களுக்கு. முதல் மூன்று நொடியில் மெஷினில் ஓடும் கை, கூடவே தங்கையின் குரல்: "நெமிலியிலேயே தையல் வேலை, கத்துக்கொடுக்கிறோம்." சத்தமில்லாமல் பார்ப்பவர்களுக்காக அதையே எழுத்திலும் போட்டோம். கீழே கேப்ஷனும் வலப்பக்கம் பட்டன்களும் மறைக்கும் என்பதால் எழுத்து நடுவில் இருக்க வேண்டும். ஆர்டர் கொடுத்தவரின் சாம்பிள் ஷூவோ லேபிளோ காட்சியில் விழக் கூடாது. கடைக்கு வராத டிசைன் வெளியே போனால் ஆர்டரே போகும். அதனால் பழகுவதற்கு வைத்திருக்கும் கழிவுத் தோல் துண்டுகளையே தைத்துக் காட்டினோம்.

முதலில் எடுத்த வீடியோவில் தங்கை "வர்ற திங்கள்கிழமை வாங்க" என்றிருந்தாள். ஆட்டோ மைக்கின் குரல் தெருமுனையோடு முடிந்துவிடும். அதில் 'நாளைக்கு' என்றால் நாளைக்குத்தான். ரீல்ஸ் ஒருவர் கண்ணில் எப்போது படும் என்று சொல்ல முடியாது. மூன்று வாரம் கழித்துப் பார்த்த ஒரு பெண் எந்தத் திங்கள் என்று தெரியாமல் பஸ் செலவு செய்து வந்து திரும்பக் கூடாது. மறுபடி எடுத்து, கடைசித் தேதியை மாதத்தோடு வாயாலேயே சொல்ல வைத்தோம். இடங்கள் நிரம்பிய அன்றே கேப்ஷனில் 'ஆள் எடுத்தாச்சு' என்று மாற்றினோம். வீடியோவை டவுன்லோடு செய்து அனுப்பினால் கேப்ஷன் கூடவே போகாது. வாயால் சொன்ன தேதி போகும்.