சூடேற்றியார்

சேலம், நாமக்கல் பக்கம் எந்த ஜிம்முக்குள் நுழைந்தாலும் சூடேற்றியார் ஒருவர் இருப்பார். காலை ஐந்தரைக்கே ஆஜர். இடுப்பில் பெல்ட், முழங்காலில் உறை, பையில் அவித்த முட்டை. நாளைக்கு 140 கிலோ ஸ்குவாட், மூன்று முறை என்று முதல் நாள் இரவே ஸ்டேட்டஸ் போட்டிருப்பார்.

வந்ததும் டிரெட்மில்லில் இருபது நிமிட ஓட்டம். வெளியே சித்திரை வெயில் தயாராகிக்கொண்டிருக்கும்; இவருக்கோ, "உடம்பு சூடாகோணுமில்லீங்க!" பிறகு 60 கிலோவில் பதினைந்து, 80-இல் பன்னிரண்டு, 100-இல் பத்து, 120-இல் ஆறு. கூட்டினால் 3,580 கிலோ. எல்லாமே வார்ம்-அப் கணக்கு. கடைசியில் 140-க்கு அடியில் நிற்கும்போது சூடு இருக்கும், தெம்பு இருக்காது. ஒன்று எழும்பும். இரண்டாவதில் பாதுகாப்புக் கம்பிமேல் பாரை இறக்கிவிட்டு, "பிளேட்டு எடையில ஏதோ தப்புங்க மாஸ்டர்" என்பார்.

மாஸ்டர் சிரிக்க மாட்டார். "ஊரைச் சுத்தி டீசலைத் தீர்த்துப்போட்டு அப்புறம் லோடு ஏத்துனா, வண்டி மேடு ஏறுமாங்கண்ணா?" என்று கேட்டுவிட்டு, சாக்பீஸால் தரையிலேயே எழுதுவார்: வெறும் பார் 20 கிலோ, பத்து முறை. 60-இல் ஐந்து, 90-இல் மூன்று, 110-இல் இரண்டு, 125-இல் ஒன்றே ஒன்று. மொத்தம் 1,115 கிலோ.

"எடை ஏற ஏற எண்ணிக்கை இறங்கோணும். லேசான எடை மூட்டு இளகறதுக்கு. எவ்வளவு ஆழம் உக்காரணும், பாதம் எங்க வைக்கணும்னு பார்த்துக்கறதுக்கு. பெரிய எடை, தோள்மேல பாரம் உக்காந்து பழகறதுக்கு. அதுக்கு ஒண்ணு போதும், ஆறு எதுக்கு? முதல்ல பிளேட்டு மாட்டற நேரமே ஓய்வு. 125 முடிஞ்சா மூணு நாலு நிமிஷம் உக்காருங்க."

சூடேற்றியார் பாடம் கற்பார், அளவோடு அல்ல. அடுத்த வாரம் 60-இல் ஐந்து போட்டுவிட்டு நேராக 140-க்குத் தாவுவார். தோளில் பாரை வாங்கியதுமே முகம் மாறும். உடம்பு அவ்வளவு பாரத்தை அன்றைக்கு முதல்முறையாகப் பார்க்கிறது. இரண்டு அடி பின்னால் வைப்பதற்குள் கால் தடுமாறும். அதற்கடுத்த வாரம் ஏணிப்படி எல்லாம் ஒழுங்காக ஏறி, "எதுக்கும் இருக்கட்டும்" என்று 135-இல் இன்னும் இரண்டு போடுவார். அந்த இரண்டுதான் கடைசி இரண்டைத் தின்றுவிடும்.

சந்தேகம் தீர 125-ஐக் கவனித்தாலே போதும். வழக்கம்போல் சட்டென்று எழுந்தால் 140-க்குப் போகலாம். ஊர்ந்து எழுந்தால் அன்றைக்கு 130-தான். பிளேட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

உங்கள் ஜிம்மிலும் இவர் இருப்பார். 125 முடித்ததும் ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். தயவுசெய்து பேச்சு மட்டும் கொடுக்காதீர்கள். நாலு நிமிடம் நாற்பதாகிவிடும், மறுபடி டிரெட்மில்லுக்குப் போய்விடுவார்.