நாலு வேளை மருந்து, நாற்பது கையெழுத்து

2005 ஏப்ரல் கடைசியில் பழைய டெல்லியில் ஆட்கள் காய்ச்சலும் கழுத்து விறைப்புமாக விழுந்தார்கள். மெனிங்கோகாக்கஸ் என்ற கிருமியால் வரும் மூளை உறைக் காய்ச்சல். 400 பேருக்கு மேல் பாதிப்பு, ஐம்பதை ஒட்டிச் சாவு. 1966இல் அதே ஊருக்கு வந்தது. 1985இலும் வந்தது, அப்போது செத்தவர்கள் ஏறத்தாழ 800 பேர். மூன்றாம் முறை வந்தபோதும் தலைநகரம் முதன்முறை பார்ப்பதுபோல் முழித்தது. முகக்கவசம் கட்டியது. கையில் கிடைத்த சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரையை விழுங்கியது. பிறகு அந்தக் கிருமிகளை ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தால், சிப்ரோஃப்ளாக்சசினுக்கு அவை மசியவில்லை.

மந்திரிகள் குடியிருக்கும் ஊரின் யோக்கியதை இது. உளுந்தூர்பேட்டைக்கு வந்தால்?

வந்ததாகவே வைத்துக்கொள்வோம். ஒன்பது வயதுப் பையன். வெள்ளிக்கிழமை இரவு காய்ச்சல், வாந்தி. விடிந்தால் காலில் செந்நீலப் புள்ளிகள். கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் மறையவில்லை. அரசு மருத்துவமனையில் பணியிலிருந்த டாக்டருக்குப் பார்த்ததும் புரிந்துவிட்டது. செஃப்ட்ரியாக்சோன் ஊசியைப் போட்டார். 108இல் ஏற்றி முண்டியம்பாக்கத்துக்கு அனுப்பினார். இதுவரை எல்லாம் சரி. இந்தக் கதையில் சரியாக நடந்தது இதோடு முடிந்தது.

பையனுக்கு ஊசி போட்டாயிற்று. அவனோடு ஒரே பாயில் படுத்த பாட்டிக்கு? அவன் தங்கைக்கு?

இந்தக் கிருமி காற்றில் பறந்து ஊரைச் சுற்றுவதில்லை. தொண்டையில் குடியிருக்கிறது. நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேர் தொண்டையில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் உட்கார்ந்திருக்கும். எச்சிலும் சளியும் படும் நெருக்கத்தில் அடுத்தவருக்குத் தாவும். பையனுக்கு அதைக் கொடுத்தவரே அந்த வீட்டில் ஆரோக்கியமாக நடமாடிக்கொண்டிருக்கலாம். அதனால்தான் ஒரு நோயாளி இருக்கும் வீட்டில் மற்றவர்களுக்கு வரும் ஆபத்து, ஊராருக்கு உள்ளதைவிட 500 மடங்குக்கும் மேல். ஆயிரம் பேரில் நாலு பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சின்ன எண்தான். அந்த நாலில் ஒன்று நம் வீட்டுப் பிள்ளையாக இல்லாதவரை.

வீட்டார் தொண்டையிலிருந்து கிருமியைத் துடைத்தெறியத்தான் ரிஃபாம்பிசின். காசநோய்க்குக் கொடுக்கும் அதே மருந்து. பெரியவர்களுக்கு 600 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, இரண்டு நாள். மொத்தம் நாலு வேளை. ஒரு மாதம் தாண்டிய குழந்தைக்கு எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம், அதற்குள் இருந்தால் 5. தங்கை 15 கிலோ என்றால் வேளைக்கு 150 மில்லிகிராம். வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும். ஒருவர் இன்றைக்கு, ஒருவர் நாளன்றைக்கு என்றால் துடைத்த தொண்டைக்குத் துடைக்காத தொண்டையிலிருந்து கிருமி திரும்பி வரும்.

எப்போது தொடங்குவது? டாக்டருக்குச் சந்தேகம் வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள். வீட்டில் அடுத்த ஆள் விழுவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் சில நாட்களிலேயே விழுந்துவிடுவார். பையன் படுத்த நாளிலிருந்து 14 நாள் தாண்டினால் மருந்து கொடுத்தும் பெரிதாகப் பயனில்லை.

இங்கேதான் அரசாங்கம் மேடையேறுகிறது.

முதல் வசனம்: ‘ரிசல்ட் வரட்டும்.’ தண்டுவட நீரில் கிருமி வளர்ந்து பெயர் சொல்ல இரண்டு நாளாவது ஆகும். உயிரைக் காப்பாற்ற ஊசியை முதலில் போட்டாயிற்று, ஆகவே கிருமி வளராமலே போகலாம். வளரவில்லை என்றால் ‘நோய் உறுதிப்படுத்தப்படவில்லை’ என்று அறிக்கை. உறுதிப்படாத நோய்க்கு மருந்து எதற்கு? கோப்பு மூடப்படும். வீட்டார் தொண்டையில் சளி எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று இன்னொரு புத்திசாலி சொல்வார். அதில் கிருமி தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் மருந்து உண்டு. பிறகு எதற்குப் பார்ப்பது? நாள் கடத்த. அதற்கு மட்டும் நம்மிடம் எப்போதும் வசதி உண்டு.

இரண்டாம் காட்சி: புகை. பழைய தென்னாற்காடு முழுக்கக் கொசு பரப்பும் மூளைக்காய்ச்சலை அறிந்த பூமி. ஆகவே வண்டி வரும். தெருவெல்லாம் புகை அடிக்கும். பன்றி பிடிப்பார்கள். வாசலில் பிளீச்சிங் பவுடரால் கோலம் போடுவார்கள். கொசுவுக்கும் இந்தக் கிருமிக்கும் சம்பந்தமில்லை. பன்றி பாவம், அதற்கும் இல்லை. ஆனால் புகையைப் படம் எடுக்கலாம். நாலு மாத்திரையைப் பாட்டி விழுங்குவதை யார் படம் எடுப்பார்கள்?

மூன்றாவது, கையிருப்பு. ‘மருந்து இருக்கு சார், டிபி மாத்திரை ஸ்டாக் இருக்கு.’ இருக்கும். காசநோய்த் திட்டத்தில் இருப்பது நாலு மருந்தை ஒன்றாக அழுத்திய கூட்டு மாத்திரை. அதில் ரிஃபாம்பிசின் 150 மில்லிகிராம். கூடவே ஐசோனியாசிட், பைராசினமைட், எத்தாம்பியூட்டால். பாட்டிக்கு 600 வேண்டுமென்று நாலு மாத்திரையைக் கொடுத்தால் வேண்டாத மூன்று மருந்தும் சேர்ந்து உள்ளே போகும். தேவைப்படுவது தனி ரிஃபாம்பிசின். குழந்தைக்குச் சிரப். அந்தக் காசநோய் மாத்திரையே 2024 மார்ச்சில் நாடு முழுக்கத் தட்டுப்பாடாகி, நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்று மாநிலங்களுக்கு மத்திய அரசு கைகாட்டியது. தனி ரிஃபாம்பிசின் ஒரு டஜன் மருத்துவமனை அலமாரியில் எப்போதும் இருக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றப்போகிறது? கடையில் வாங்கலாமே என்பீர்கள். டாக்டர் சீட்டு வேண்டும், கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். விதி சரியானதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஐந்து பேருக்கு ஐந்து சீட்டு எழுத வேண்டிய டாக்டர், ‘அது சுகாதாரத் துறை பார்த்துக்கொள்ளும்’ என்கிறார். சுகாதாரத் துறை, ‘மருத்துவமனைதானே கொடுக்கணும்’ என்கிறது. இரண்டு அலுவலகத்துக்கும் நடுவில் 24 மணி நேரம் செத்துப்போகிறது.

ஒரு வழியாக மருந்து வந்து சேர்கிறது. யாருக்கு?

விதி தெளிவானது. பையன் படுப்பதற்கு முந்தைய ஏழு நாளில் அவனோடு ஒரே வீட்டில் இருந்தவர்கள். விடுதி என்றால் ஒரே அறையில் படுத்தவர்கள். பால்வாடி வயதென்றால் கூட இருந்த குழந்தைகள். அவன் எச்சில் நேராகப் பட்டவர்கள். வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதியவர், மறைப்பில்லாமல் தொண்டைக்குள் குழாய் செலுத்திய டாக்டர். அவ்வளவுதான். ஒரே வகுப்பில் படித்தவனுக்கு வேண்டாம். டார்ச் அடித்துப் பார்த்த டாக்டருக்கு வேண்டாம். எட்டி நின்று வழியனுப்பிய எதிர்வீட்டுக்காரருக்கு வேண்டாம்.

மருந்து போகும் வழியோ வேறு. முதலில் ஆய்வுக்கு வந்த பெரிய அதிகாரிக்கு. அவர் வார்டு வாசலில் நின்று ‘நிலைமை கட்டுக்குள் உள்ளது’ என்று சொல்லிவிட்டு ஒரு கோர்ஸ் வாங்கிப் பையில் போடுவார். அடுத்து அவருடைய ஓட்டுநர், ஓட்டுநரின் மனைவி. ஆறுதல் சொல்ல வந்த கட்சிக்காரர்கள், கட்சிக்காரர்களைப் படமெடுக்க வந்தவர்கள். கிளார்க் இரண்டு அட்டையை ‘இருக்கட்டும்’ என்று மேசை இழுப்பறையில் வைப்பார். கிருமி பக்கத்திலேயே போகாதவனுக்கு அதைக் கொல்லும் மருந்து. இப்படி இறைத்தால் ரிஃபாம்பிசினும் ஒருநாள் சிப்ரோஃப்ளாக்சசின் வழியிலேயே போகும். நமக்கு அது காசநோய்க்கும் வேண்டிய மருந்து. அதை விருந்துத் தாம்பூலமாக வினியோகிக்க இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

சரி, வீட்டுக்கும் கொடுத்துவிட்டார்கள் என்றே வையுங்கள். யார் பேசினார்கள் அவர்களிடம்? சித்தி ஆறு மாதக் கர்ப்பிணி. அவளுக்கு ரிஃபாம்பிசின் கூடாது, செஃப்ட்ரியாக்சோன் 250 மில்லிகிராம் தசையில் ஒரே ஊசி, வேலை முடிந்தது. அம்மா கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறாள் என்றால், இந்த மருந்து அதை வலுவிழக்கச் செய்யும், வேறு தடுப்பும் வேண்டும். பாட்டி இதயத்துக்கு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சிறுநீரும் கண்ணீரும் செம்மஞ்சளாகப் போகும், பயப்படாதே என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் முதல் வேளை முடிந்ததும் பாட்டி ரத்தம் போகிறது என்று அலறி, மீதி மூன்று வேளையைக் குப்பையில் போடுவார். மருந்து சாப்பிட்டாலும் அடுத்த பத்து நாளில் காய்ச்சல் வந்தால் உடனே ஓடி வா, இது நோய்க்கு வைத்தியமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஐந்து நிமிடப் பேச்சு. ஐந்து நிமிடத்துக்கு அரசாணை இல்லை.

இன்னும் ஒருவன் பாக்கி. மாமன் மகன். கல்வராயன் மலையில் உள்ள வெள்ளிமலையிலிருந்து வந்து மூன்று நாள் பையனோடு படுத்திருந்தான். புதன்கிழமை காலை பஸ்ஸேறி மலைக்குப் போய்விட்டான். பையனுக்குக் காய்ச்சல் வந்தது வெள்ளிக்கிழமை. ஏழு நாள் கணக்குக்குள் அவனும் அடங்குவான், பாட்டிக்குள்ள உரிமை அவனுக்கும் உண்டு. ‘போன வாரம் வீட்டில் தங்கியது யார் யார்?’ என்று தாயிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் பெயர் வந்திருக்கும். சனிக்கிழமையே வெள்ளிமலைக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். உளுந்தூர்பேட்டை டோல்கேட்டைக் கடக்கும் காரை, எண்ணோடு, நேரத்தோடு, கண் சிமிட்டும் நேரத்தில் பதிந்து காசு பிடிக்கத் தெரிகிறது. வீட்டில் தங்கிய ஒரு பையன் பெயரை எழுதத் தெரியவில்லை. காசு வருகிற இடத்தில் அரசாங்கத்துக்குக் கண் நன்றாகத் தெரியும்.

அவன் பெயரைக் கேட்டுப் பதினைந்தாம் நாள் ஒரு சுற்றறிக்கை வரும். ‘தொடர்பில் இருந்தோர் பட்டியலை உடனடியாக அனுப்பவும்.’ மேலே சிவப்பு மையில் ‘மிக அவசரம்’.

பிறகு தணிக்கை வரும். பதிவேட்டில் அத்தனையும் ‘தொடர்பில் இருந்தோருக்கு வழங்கப்பட்டது’ என்றுதான் இருக்கும். தணிக்கையாளர் பதிவேட்டைப் பார்க்க வேண்டாம். இந்த மருந்து தானாகவே கணக்கு எழுதும் மருந்து. முதல் இரண்டு நாளில் எந்தெந்த அலுவலகக் கழிப்பறையில் செம்மஞ்சளாகப் போனது என்று துப்புரவுத் தொழிலாளியைக் கேட்டால் போதும், ஒவ்வொரு கேப்ஸ்யூலும் யார் வயிற்றுக்குள் போனது என்று சொல்லிவிடுவார்.