பாட்டியின் பூட்டிய சிம்

பேரன் பாட்டியின் போனில் சிம் பின்னை மூன்று முறை தப்பாக அடித்தால், அடுத்து போன் கேட்பது எட்டு இலக்க பி.யூ.கே. எண். அது சிம்மோடு வந்த பிளாஸ்டிக் அட்டையில் அச்சாகியிருக்கும். சிம்மைப் பிய்த்த கையோடு குப்பைக்குப் போன அதே அட்டை!

அட்டை இல்லையா? இன்னொரு போனிலிருந்து வாடிக்கையாளர் சேவையை அழைக்க வேண்டும்.

"உங்க நம்பருக்கு ஓ.டி.பி. அனுப்பியிருக்கோம், சொல்லுங்கம்மா."

"அந்த நம்பர்தாம்மா பூட்டிக்கிடக்கு."

"சரிங்கம்மா, வந்ததும் சொல்லுங்க."

இதைத் தாண்டினால் சிம் யார் பேரில் இருக்கிறதோ அவருடைய பிறந்த தேதியும் முகவரியும் கேட்பார்கள். சிம் எப்போதும் ஊரில் இல்லாத மாப்பிள்ளை பேரில்தான் இருக்கும். எல்லாம் பொருந்தினால் எண்ணைச் சொல்வார்கள். அதை அடித்ததும் புதுப் பின்னை இருமுறை கொடுத்தால் பூட்டு திறக்கும்.

பேரன் பி.யூ.கே. எண்ணையும் குத்துமதிப்பாக முயலலாம். சாத்தியங்கள் பத்துக் கோடி, வாய்ப்புகள் பத்து. பத்தும் தப்பானால் சிம் செத்துவிடும். பிறகு அடையாள அட்டையோடு கடைக்குப் போய் அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்க வேண்டும். மோசடிக்குப் பயந்து அதில் முதல் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். வராது. ஓ.டி.பி.யும்தான்.