இரண்டு அப்பாக்கள், ஒரு கையெழுத்து

கேள்வி: நானும் என் துணைவரும் ஆண்கள். ஏழு வருடமாக ஒரே வீட்டில் வாழ்கிறோம். குழந்தையைத் தத்தெடுக்க முடியுமா?

பதில்: உறுதியாகச் சொல்ல முடியாது. கிடைத்தாலும் உங்களில் ஒருவர் மட்டுமே சட்டப்படி அப்பா. தம்பதியாகத் தத்தெடுக்க, இரண்டு வருடத் திருமண வாழ்வு வேண்டும் என்கிறது விதி. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகளில் மூவர் அந்த விதி செல்லும் என்றார்கள். வாடகைத்தாய் வழியும் உங்களுக்கு மூடியிருக்கிறது. மிஞ்சுவது, தத்தெடுப்பு ஆணையமான காராவில் தனிநபராகப் பதிவுசெய்வது; ஆனால் திருமணமின்றித் துணையுடன் வாழும் தனிநபர் தகுதியற்றவர் என்று காரா 2022இல் சுற்றறிக்கை விட்டது. தனி ஆணுக்கு மகன் மட்டுமே கிடைப்பான். இரண்டு வயதுக்குள் குழந்தை வேண்டுமென்றால் உங்களுக்கு நாற்பதைத் தாண்டியிருக்கக் கூடாது. வரிசை வருடக்கணக்கில் நீளும். வயதில் இளையவர் விண்ணப்பிக்கட்டும். வீட்டைப் பார்க்கவரும் சமூகப் பணியாளரிடம் துணைவரை மறைக்காதீர்கள். உடன் வாழ்பவரை மறைத்து வாங்கிய அறிக்கை பின்னால் உங்களுக்கு எதிராகவே திரும்பலாம்.

இராத்தூக்கம் கெடுவதில் இருவருக்கும் சமபங்கு. ஆஸ்பத்திரிப் படிவத்தில் கையெழுத்து ஒருவருக்குத்தான். அந்த வலி மற்றவருக்கு நிச்சயம் இருக்கும், இப்போதே பேசிவிடுங்கள். அப்பாவாகப் பதிவானவர், தனக்குப் பின் துணைவரே காப்பாளர் என்று உயில் எழுதட்டும். தாத்தா பாட்டியிடமும் அதைச் சொல்லிவையுங்கள். உயிலை எதிர்த்து வழக்குப் போடக்கூடியவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர்கள்தான்.